ரிப்போவைப் பொதுவாக்கினேன், பழைய கமிட்டில் சங்கத்தின் ஆக்சஸ் கீ கிடந்தது: நேரக் கணக்கும் மாற்றிய விதமும்

சாட்ஸ்வர்த்_சேகர் · ஞாயிறு காலை 9:50

எல்லோருக்கும் வணக்கம். தப்பு என்னுடையதுதான். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வழி சொல்லுங்கள்.

டர்பனில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு சின்ன இணையதளம் உண்டு. காவடி, ஆடிக்கூழ், புத்தாண்டு விழாப் படங்கள் எல்லாம் அமேசான் எஸ்3-இல் ஒரு பக்கெட்டில் இருக்கின்றன. இன்னொரு பக்கெட்டில் உறுப்பினர் பட்டியல். பெயர், முகவரி, தொலைபேசி எண் கொண்ட ஒரே சிஎஸ்வி கோப்பு, தினமும் நள்ளிரவில் அதன் நகல் ஒன்று ஏறும். இரண்டுக்கும் ஒரே ஐ.ஏ.எம். யூசர், பெயர் `sangam-upload`. அதற்கு எஸ்3 முழு அனுமதி கொடுத்து வைத்திருந்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பையன்கள் சிலர் படம் ஏற்றும் ஸ்கிரிப்டைக் கேட்டார்கள். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், சாவி எதிலும் இல்லை. நேற்று சனிக்கிழமை மாலை 7:40-க்கு கிட்ஹப் ரிப்போவைப் பொதுவாக்கினேன்.

14 மாதங்களுக்கு முன் முதல் கமிட்டில் `upload.py`-க்குள்ளேயே கீயையும் சீக்ரெட்டையும் எழுதியிருந்தேன். இரண்டு நாள் கழித்து `.env`-க்கு மாற்றினேன். அது எனக்கு மறந்தே போய்விட்டது. வரலாறு முழுக்க அப்படியே இருந்திருக்கிறது.

எனக்குத் தெரிய வந்தது இன்று காலை 8:15-க்கு. அதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. முன்னாள் செயலாளர் மாமா வாட்ஸ்அப்பில், "தம்பி, அமேசானிலிருந்து ஏதோ அவசர மெயில் வந்திருக்கு, நீ ஏதாவது பொருள் வாங்கினாயா?" என்று கேட்டார். கணக்கைத் தொடங்கியபோது அவருடைய மெயிலைத்தான் கொடுத்திருந்தோம். மெயில் அவருக்குப் போனது நேற்று மாலையே, ரிப்போ பொதுவான சில நிமிடங்களில்.

நான் செய்தது: 8:18-க்கு ரிப்போவை மறுபடி தனியாக்கினேன். பிறகு `git filter-repo` வைத்து வரலாற்றைத் துடைத்தேன். 8:31-க்குப் பழைய சாவியை முடக்கினேன். கேப்டவுன் ரீஜியனில் கிளவுட்டிரெயிலைப் பார்த்தேன், அந்நியர் யாரும் வந்ததாக ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் தப்பித்தேனா?

---

பீனிக்ஸ்_பாலா · ஞாயிறு 10:05

சேகர் அண்ணே, பதறாதீங்க. ரிப்போவைத் தனியாக்கிட்டீங்க, வரலாற்றைத் துடைச்சுட்டீங்க. வெளியே இருந்தது ஒரு ராத்திரிதான். சனிக்கிழமை ராத்திரி நம்ம ரிப்போவை யாரு பார்க்கப் போறா? புதுச் சாவி ஒண்ணு போட்டு, பழையதை டெலீட் பண்ணிட்டு, போய் பன்னி சோ சாப்பிடுங்க.

---

லெனேசியா_தாத்தா · ஞாயிறு 10:20

எனக்கு ஒரு சந்தேகம். சாவிகள் இரண்டு வகை, ஒன்று பொதுச் சாவி, மற்றது ரகசியச் சாவி என்று என் பேரன் சொல்லியிருக்கிறான். பொதுச் சாவியை ஊருக்கே கொடுக்கலாமாமே. பொது ரிப்போவில் பொதுச் சாவி இருந்தால் என்ன குற்றம், தம்பி?

---

சாட்ஸ்வர்த்_சேகர் · ஞாயிறு 10:27

தாத்தா, பேரன் சொல்வது எஸ்எஸ்எச் சாவியைப் பற்றி. அது சரிதான். என்னிடம் இருந்தது வேறு. `AKIA` என்று தொடங்கும் பெயர் ஒன்று, அதனுடன் 40 எழுத்து ரகசியம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். நான் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதி வைத்திருந்தேன்.

---

மேசைமலை · ஞாயிறு 10:58

கேப்டவுனிலிருந்து. வேலையே இதுதான் எனக்கு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சேகர், கடைசியில் செய்ய வேண்டியதை நடுவில் செய்திருக்கிறீர்கள். 8:18-க்கும் 8:31-க்கும் இடையில் 13 நிமிடம் வரலாற்றைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த 13 நிமிடமும் சாவி உயிரோடு இருந்தது. சனி இரவு முழுக்க உயிரோடு இருந்ததற்கு முன்னால் 13 நிமிடம் பெரிதில்லைதான். ஆனாலும் வரிசை முக்கியம். முதலில் சாவியைக் கொல்ல வேண்டும், ரிப்போவைச் சுத்தம் செய்வது ஆற அமர நாளைக்குக்கூட நடக்கலாம். செத்த சாவியை யார் படித்தால் என்ன?

பாலா, "யாரு பார்க்கப் போறா" என்பதில்தான் சிக்கல். மனிதர் யாரும் பார்ப்பதில்லை. கிட்ஹப்பில் பொதுவில் வரும் எல்லாவற்றையும் இயந்திரங்கள் வரிசையாக உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன, `AKIA` என்ற நான்கு எழுத்தைத் தேடுவது அவற்றுக்கு ஒரு வேலையே இல்லை. செயலாளர் மாமாவுக்கு மெயில் வந்ததும் அதே மாதிரி ஒரு நல்ல இயந்திரத்தால்தான். கிட்ஹப் கண்டுபிடித்து அமேசானுக்குச் சொல்லும், அமேசான் கணக்குக்காரருக்கு எழுதும். நல்லவன் சில நிமிடத்தில் கண்டுபிடித்தான் என்றால் கெட்டவனுக்கும் அவ்வளவு நேரம்தான்.

ரிப்போவைத் தனியாக்கியதும் பாதி மருந்துதான். பொதுவாக இருந்தபோது யாராவது ஃபோர்க் எடுத்திருந்தால் அது தனியே பிரிந்து பொதுவிலேயே நிற்கும். குளோன் எடுத்தவர் கையில் இருப்பதை நீங்கள் எட்டவே முடியாது.

இப்போது உங்கள் கேள்வி, தப்பித்தீர்களா என்பது. கேப்டவுன் ரீஜியனில் மட்டும் பார்த்தால் போதாது. இந்தத் தேடல் ஒரு நேரத்தில் ஒரு ரீஜியனைத்தான் காட்டும். ஐ.ஏ.எம். மாதிரி உலகப் பொதுச் சேவைகளின் பதிவுகள் `us-east-1`-இல் போய் உட்காரும். அங்கே இதை ஓட்டுங்கள், உங்கள் பழைய சாவியின் பெயரைப் போட்டு:

```
aws cloudtrail lookup-events --region us-east-1 \
  --lookup-attributes \
  AttributeKey=AccessKeyId,AttributeValue=AKIAIOSFODNN7EXAMPLE
```

அதற்குப் பிறகு கணக்கில் திறந்திருக்கும் மற்ற ரீஜியன்களிலும் ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். கேப்டவுன் `af-south-1` தானாகத் திறந்திருக்காது, நாமே இயக்கினால்தான் உண்டு. ஆனால் அமெரிக்கா, ஐரோப்பா ரீஜியன்கள் பல நீங்கள் தொடாவிட்டாலும் திறந்தே கிடக்கும். திருடன் போவது நீங்கள் எட்டிப் பார்க்காத அறைக்குத்தான்.

---

ரோஸ்ஹில்_ரமணி · ஞாயிறு 11:15

மொரிஷியசிலிருந்து ஒரு அனுபவம். எங்கள் இளைஞர் குழுவுக்கு டெலிகிராம் பாட் ஒன்று வைத்திருந்தேன். அதன் டோக்கன் ஒருமுறை பொது ரிப்போவில் போய்விட்டது. மறுநாள் காலை குழுவில் பாட்டே சூதாட்ட விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறது! பாட்டிமார்கள் எல்லாம் "ரமணிக்கு என்ன ஆச்சு" என்று என் அம்மாவுக்கு ஃபோன் செய்தார்கள்.

அங்கே மாற்றுவது சுலபம். பாட்ஃபாதரிடம் `/revoke` கொடுத்தால் புது டோக்கன் வரும், அந்த நொடியே பழையது சாகும். சேகர் அண்ணா ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. அமேசானில் அப்படி ஒரு பொத்தான் இல்லையா?

---

மேசைமலை · ஞாயிறு 11:31

ரமணி, நல்ல கேள்வி. அங்கே புதியது பிறப்பதும் பழையது சாவதும் ஒரே நொடி. அமேசானில் ஒரு யூசருக்கு ஒரே நேரத்தில் இரண்டு சாவி இருக்கலாம். காரணம், கடை மூடாமல் சாவியை மாற்றுவதற்கு. புதியதை உருவாக்கு, வேலை நடக்கும் இடமெல்லாம் கொண்டு போய் வை, பிறகு பழையதை முடக்கு, சில நாள் கவனி, டெலீட் செய். வருஷாவருஷம் அமைதியாக மாற்றுபவருக்கு இது அருமை.

---

மிட்ராண்ட்_மணி · ஞாயிறு 11:48

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எங்கள் அலுவலகத்தில் எழுதி வைத்த முறையே அதுதான்: புதியது முதலில், பழையது பிறகு. சேகர் புதுச் சாவி உருவாக்காமலே பழையதை முடக்கிவிட்டார். சங்கத் தளம் என்பதால் பரவாயில்லை, ஒரு கடையின் பணப் பட்டுவாடா அந்தச் சாவியில் ஓடினால்? ஞாயிறு காலையில் எல்லாம் நின்றுபோகும். நஷ்டத்துக்கு யார் பதில் சொல்வது?

---

மேசைமலை · ஞாயிறு 12:10

மணி, அது சாதாரண நாளின் வரிசை. ஊருக்கே தெரிந்த சாவிக்கு நான் அதைத் தலைகீழாக்குவேன். முடக்குவது டெலீட் அல்ல, இதுதான் இங்கே கைகொடுக்கும். `Inactive` ஆக்கினால் ஒரு கட்டளையில் திரும்பவும் `Active` ஆக்கலாம். ஏதாவது உடைந்து தாங்கவே முடியவில்லை என்றால் பத்து நிமிடம் திறந்து, புதியதைப் பொருத்தி, மறுபடி மூடலாம். திருடன் எடுத்துப் போனதைத் திரும்ப வாங்க அப்படி ஒரு கட்டளை கிடையாது.

பட்டுவாடா ஓடும் இடத்தில் நான் என்ன செய்வேன் என்றால், சாவியால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்ப்பேன். ஒரு பக்கெட்டில் எழுத மட்டும் உரிமை என்றால் அரைமணி நேரம் உங்கள் வரிசைப்படி போகலாம். யூசர் உருவாக்கும் உரிமை இருந்தால் யாரையும் கேட்காமல் மூடுவேன்.

---

மிட்ராண்ட்_மணி · ஞாயிறு 12:19

எனக்கு இன்னும் ஒப்பவில்லை. யாரையும் கேட்காமல் மூடும் உரிமை உங்களுக்கு இருக்கலாம், எல்லா அலுவலகத்திலும் இருக்காது. விடுங்கள், சேகர் கதைக்கு வருவோம்.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · ஞாயிறு 12:40

அக்கா, `us-east-1`-இல் பார்த்தேன். நான்கு வரிகள் இருக்கின்றன. ஆனால் அது நானாகத்தான் இருக்கும். ரிப்போவைப் பொதுவாக்கியது 19:40, இவை எல்லாம் 17:52-க்கும் 17:54-க்கும் இடையில். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்பே. அந்த நேரத்தில் நான் படங்கள் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

```
"eventTime": "T17:52:09Z"  GetCallerIdentity
"eventTime": "T17:53:02Z"  ListBuckets
"eventTime": "T17:53:40Z"  ListUsers      AccessDenied
"eventTime": "T17:54:11Z"  GetSendQuota   AccessDenied
```

தேதியை வெட்டிவிட்டேன், எல்லாம் நேற்றுதான்.

---

மேசைமலை · ஞாயிறு 12:46

சேகர், கடைசியில் இருக்கும் அந்த `Z` எழுத்தைப் பாருங்கள். அது யூ.டி.சி. நம் நேரம் அதைவிட இரண்டு மணி நேரம் கூடுதல். 17:52 என்பது நம் 19:52. நீங்கள் பொதுவாக்கி 12 நிமிடம் கழித்து.

என்ன நடந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் "நான் யார்" என்று கேட்டிருக்கிறார்கள். சாவி உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. அடுத்து என்னென்ன பக்கெட்டுகள் இருக்கின்றன. பிறகு யூசர் பட்டியல், முடியவில்லை. கடைசியில் உங்கள் கணக்கிலிருந்து மெயில் அனுப்ப எவ்வளவு கோட்டா, அதுவும் முடியவில்லை. குப்பை மெயில் அனுப்ப இடம் தேடுபவர்கள் கேட்கும் கேள்வி அது. படம் ஏற்றும் உங்கள் ஸ்கிரிப்டுக்கு மெயில் கோட்டாவோடு என்ன வேலை? ஐபி முகவரியையும் பாருங்கள்.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · ஞாயிறு 12:55

நம் நாட்டு ஐபி இல்லை. வயிறு கலங்குகிறது.

---

மேசைமலை · ஞாயிறு 13:20

கலங்கட்டும், கையை மட்டும் நிறுத்தாதீர்கள். மூன்று காரியம் சொல்கிறேன்.

முதலாவது, அந்தச் சாவியை வைத்து அவர்கள் தற்காலிகச் சாவி எடுத்தார்களா என்று பாருங்கள். `GetSessionToken` என்ற பெயர் பதிவில் வந்திருக்கிறதா? இதற்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம், எந்த ஐ.ஏ.எம். யூசரும் கேட்கலாம். 36 மணி நேரம் வரை செல்லும். தாய்ச் சாவியை முடக்கினால் பிள்ளைச் சாவியும் செத்தது என்று நம்பி உட்காரக் கூடாது. யூசர் மேல் ஒரு தடைப் பாலிசி போட்டால்தான் அது நிச்சயமாக நிற்கும். பதிவில் இல்லாவிட்டாலும் போட்டுவிடுங்கள், ஒன்றும் குறையாது:

```
{ "Version": "2012-10-17",
  "Statement": [{
    "Effect": "Deny", "Action": "*", "Resource": "*" }] }
```

எல்லாவற்றையும் தடுக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இந்த யூசரை இனி நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை. அதுதான் இரண்டாவது.

`sangam-upload`-க்கே புதுச் சாவி போடாதீர்கள். அமேசான் மெயில் அனுப்பியதோடு நிற்காது, அந்த யூசர் மேல் `AWSCompromisedKeyQuarantine` என்று தொடங்கும் பாலிசி ஒன்றை மாட்டியிருக்கும். போய்ப் பாருங்கள். அது சாவியை முடக்காது, ஆபத்தான சில செயல்களைத்தான் மறிக்கும். இரவெல்லாம் சாவி உயிரோடு இருந்தது அதனால்தான். பலர் மெயிலைப் பார்த்துவிட்டு "அமேசானே பூட்டிவிட்டது" என்று தூங்கப் போய்விடுவார்கள். இன்னொன்று, அது யூசர் மேல் மாட்டியது. அதே யூசருக்குப் புதுச் சாவி போட்டால் அதுவும் அந்தச் சங்கிலியோடுதான் பிறக்கும். பிறகு எங்கேயோ ஒன்று ஓடாது, ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

அதனால் இரண்டு புது யூசர்கள். ஒருவருக்குப் படப் பக்கெட்டில் ஏற்ற மட்டும் உரிமை. மற்றவருக்கு உறுப்பினர் பக்கெட்டில் மட்டும். படம் ஏற்றும் ஸ்கிரிப்டுக்கும் மாமி வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கும் ஒரே சாவி இருந்ததுதான் உங்கள் உண்மையான தப்பு. கமிட் எல்லாம் எனக்கும் நடந்திருக்கிறது.

மூன்றாவது, மெயில். கணக்கு அமைப்பில் பாதுகாப்புத் தொடர்பு என்று தனி முகவரி கொடுக்க இடம் இருக்கிறது. அதில் உங்களையும் இன்னொருவரையும் போடுங்கள். மாமா வாட்ஸ்அப்பில் கேட்காமல் இருந்திருந்தால் இந்த இழை அடுத்த மாதம்தான் தொடங்கியிருக்கும்.

---

பீனிக்ஸ்_பாலா · ஞாயிறு 14:02

அக்கா, கிட்ஹப்பில் சாவி இருந்தா புஷ் பண்ணவே விடாதுன்னு சொல்வாங்களே? 2024-லிருந்து பொது ரிப்போவுக்கு அது தானா இயங்குதுன்னு படிச்சேன். அண்ணனுக்கு ஏன் தடுக்கலை?

---

மேசைமலை · ஞாயிறு 14:15

தடுப்பது புஷ்ஷை. சேகர் நேற்று எதையும் புஷ் செய்யவில்லை, கதவைத் திறந்தார், அவ்வளவுதான். 14 மாதம் முன்பு புஷ் செய்தபோது அது தனி ரிப்போ. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அமேசான் சாவியில் பெயரும் ரகசியமும் ஒரே கோப்பில் இருந்தால்தான் ஜோடி என்று அதற்குத் தெரியும். ஒன்று `config.py`-இலும் மற்றது `deploy.sh`-இலும் இருந்தால் கண்ணில் படாமல் போகலாம்.

பொதுவாக்குவதற்கு முன் கோப்புகளைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. வரலாற்றைக் கேட்க வேண்டும்:

```
git log --all --oneline -S 'AKIA'
```

அந்த எழுத்து நுழைந்த கமிட்டும் வெளியேறிய கமிட்டும் இரண்டும் வரும். சேகர் ரிப்போவில் இரண்டு வரி வந்திருக்கும்.

---

லெனேசியா_தாத்தா · ஞாயிறு 15:30

இப்போது புரிகிறது. வீட்டைப் பெருக்கிவிட்டு விருந்தாளியைக் கூப்பிட்டிருக்கிறார், பரணில் ஏறிப் பார்க்கவில்லை. ஒன்று கேட்கிறேன். உறுப்பினர் பட்டியலை அவன் எடுத்தானா இல்லையா? என் தங்கை அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறாள்.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · ஞாயிறு 15:52

தாத்தா, இரண்டு மணி நேரமாக நானும் அதைத்தான் தேடுகிறேன். பதிவில் பக்கெட் பெயர்களைப் பட்டியல் எடுத்தது மட்டும் இருக்கிறது. கோப்பு எதையும் எடுத்ததாக இல்லை. இல்லை என்றால் எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

---

மேசைமலை · ஞாயிறு 16:10

அப்படி அர்த்தமில்லை. கிளவுட்டிரெயில் இயல்பாக 90 நாள் வைத்திருப்பது நிர்வாகச் செயல்களைத்தான். பக்கெட்டுக்குள் இருக்கும் கோப்பைப் படிப்பது, அதாவது `GetObject`, அதில் வரவே வராது. அதற்கு முன்கூட்டியே காசு கொடுத்து இயக்கியிருக்க வேண்டும். பக்கெட்டின் அணுகல் லாகும் நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள். கேமரா வாசலில் மட்டும் இருந்தது, அறைக்குள் இல்லை.

ஆனால் ஒரு சுற்றுவழி உண்டு. பில்லிங் பக்கத்தில் எஸ்3-க்கான பயன்பாட்டு அறிக்கை என்று ஒன்றை இறக்கலாம். மணிவாரியாகக் கேளுங்கள். ஒவ்வொரு பக்கெட்டிலும் ஒவ்வொரு மணி நேரத்திலும் எத்தனை `GetObject`, எத்தனை `ListBucket`, எவ்வளவு பைட் வெளியே போனது என்று வரும். யார் கேட்டது, எந்தக் கோப்பு என்பது வராது. உங்கள் உறுப்பினர் பக்கெட்டை இரவு ஸ்கிரிப்டைத் தவிர யாரும் தொடுவதில்லை என்றால் எண்ணிக்கையே சாட்சி சொல்லும். அறிக்கை உடனே நிரம்பாது, செவ்வாய் வரை பொறுங்கள். நேரங்கள் யூ.டி.சி., மறுபடியும் ஏமாறாதீர்கள்.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · திங்கள் இரவு 8:35

இடைநிலை. நேற்று மாலை இரண்டு புது யூசர்கள் உருவாக்கினேன். பழைய யூசர் மேல் தடை போட்டாயிற்று. அக்கா சொன்ன குவாரன்டீன் பாலிசி அப்படியே மாட்டியிருந்தது. `GetSessionToken` எந்த ரீஜியனிலும் இல்லை.

புதுச் சாவிகளை என் மடிக்கணினியிலும் அலுவலகக் கணினியிலும் வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இன்று மதியம் தளத்தைப் புதுப்பிக்கும் கிட்ஹப் ஆக்‌ஷன் விழுந்துவிட்டது. `InvalidAccessKeyId`, அந்தச் சாவியே எங்கள் பதிவில் இல்லை என்கிறது. சாவி முடங்கித்தான் கிடக்கிறது, டெலீட் ஆகவில்லையே என்று குழம்பினேன். முடக்கினாலும் எஸ்3 அதே பதிலைத்தான் தரும் போலிருக்கிறது. ரிப்போ அமைப்பில் மூன்றாவது இடமாக ஒரு பிரதி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

---

மேசைமலை · திங்கள் இரவு 9:02

அந்த மூன்றாவது இடத்தில் சாவியே வைக்காதீர்கள். கிட்ஹப் ஆக்‌ஷனுக்கு ஓஐடிசி வழியாக ஒரு ரோலைக் கொடுக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தற்காலிகச் சாவி கிடைக்கும், வேலை முடிந்து கொஞ்ச நேரத்தில் தானே காலாவதியாகும். கசிய வைப்பதற்கு எதுவும் இருக்காது. அமைக்க ஒரு மாலை ஆகும், அவ்வளவுதான்.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · செவ்வாய் இரவு 7:48

அறிக்கை வந்தது. உறுப்பினர் பக்கெட் மட்டும் எடுத்துச் சொல்கிறேன், நம் நேரத்துக்கு மாற்றிவிட்டேன்.

சனி இரவு 7 முதல் 8 வரை: `ListBucket` 2. அது நாங்கள் இல்லை. கோப்புப் பெயர்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மணி நேரத்தில் `GetObject` இல்லை, அடுத்த நான்கு மணி நேரமும் இல்லை.

நள்ளிரவு 12 முதல் 1 வரை: `GetObject` 2. இங்கேதான் இடிக்கிறது. எங்கள் ஸ்கிரிப்ட் நள்ளிரவில் கோப்பை ஏற்றிவிட்டு, சரியாக ஏறியதா என்று ஒருமுறை திரும்ப இறக்கி ஒப்பிடும். அதனால் மற்ற நாட்களில் 1. சனிக்கிழமை மட்டும் 2.

ஒப்பிடுவது தவறினால் ஸ்கிரிப்ட் இன்னொரு முறை இறக்கும் என்று நானே எழுதியிருக்கிறேன். ஆக, இரண்டாவது என்னுடையதாகவும் இருக்கலாம்.

---

மேசைமலை · செவ்வாய் இரவு 8:05

ஸ்கிரிப்டின் லாக் என்ன சொல்கிறது?

---

சாட்ஸ்வர்த்_சேகர் · செவ்வாய் இரவு 8:11

லாக் கோப்பை `'w'` என்று திறந்திருக்கிறேன். ஒவ்வொரு இரவும் முந்தையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். ஞாயிறு இரவே போய்விட்டது.

---

மேசைமலை · செவ்வாய் இரவு 8:20

பைட் கணக்கு? பட்டியலில் ஆள் சேரச் சேரக் கோப்பு வளரும். திருடன் பழைய நாளின் நகலை எடுத்திருந்தால் அளவில் சின்ன வித்தியாசம் தெரியும்.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · செவ்வாய் இரவு 8:33

அதையும் பார்த்தேன். ஒரு கோப்பு சுமார் 381 கேபி, வெளியே போனது சுமார் 762. ஆனால் இரண்டு வாரமாகச் சங்கத்தில் புது உறுப்பினர் யாரும் சேரவில்லை. எல்லா நகலும் ஒரே அளவு.

---

மிட்ராண்ட்_மணி · செவ்வாய் இரவு 9:14

அப்படியானால் நம் நாட்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 22-ஆம் பிரிவு வருகிறது. உரிமையில்லாத ஆள் தனிப்பட்ட தகவலைப் பார்த்தான் அல்லது எடுத்தான் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். நிரூபணம் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எத்தனை மணி நேரத்துக்குள் என்றும் எண் சொல்லவில்லை, இயன்ற அளவு விரைவில் என்கிறது. சங்கம் என்பதால் விலக்கு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

---

பீனிக்ஸ்_பாலா · செவ்வாய் இரவு 9:30

மணி அண்ணே, ஒரு `GetObject` கூட இருந்ததுக்கா? ஸ்கிரிப்டே ரெண்டு தடவை இறக்கியிருக்கலாம்னு அண்ணனே சொல்றாரு. எல்லாருக்கும் மெயில் போட்டா சங்கத்தின் மானம் போகும். அடுத்த பொதுக்குழுவில் அண்ணனை வறுத்துடுவாங்க.

---

மேசைமலை · செவ்வாய் இரவு 9:52

சட்டம் எனக்குத் தெரியாத துறை. தொழில்நுட்பமாக மட்டும் சொல்கிறேன். பக்கெட்டைத் திறந்து கோப்புப் பெயரைப் பார்த்துவிட்டுப் போனவர் நான்கு மணி நேரம் கழித்து, சரியாக உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் அதே மணி நேரத்தில் வந்து ஒரே ஒரு கோப்பை எடுத்தார் என்பது கொஞ்சம் அதிசயம்தான். இயந்திரங்கள் எடுத்தால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். அதனால் ஸ்கிரிப்ட் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

---

லெனேசியா_தாத்தா · புதன் காலை 6:40

என் தங்கைக்கு யாராவது ஃபோன் செய்து "சங்கத்திலிருந்து பேசுகிறோம், சந்தா பாக்கி" என்று கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். அதனால் சொல்லிவிடு தம்பி. மானம் என்னுடைய கவலை இல்லை.

---

சாட்ஸ்வர்த்_சேகர் · வியாழன் இரவு 10:15

நேற்று செயற்குழுவில் பேசினோம். இருவர் வேண்டாம் என்றார்கள், மற்றவர்கள் சொல்லிவிடலாம் என்றார்கள். ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு அறிக்கை போனது. உறுப்பினர்களுக்கான கடிதத்தில் நேரங்களை அப்படியே எழுதினேன்: வெளிப்பட்டது சனி 19:40, அந்நியர் முதலில் பயன்படுத்தியது 19:52, எங்களுக்குத் தெரிந்தது ஞாயிறு 8:15, முடக்கியது 8:31. கோப்பு எடுக்கப்பட்டதா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, யாராவது சந்தா கேட்டு அழைத்தால் கொடுக்காதீர்கள் என்றும் எழுதினேன். மாமா தமிழிலும் ஆங்கிலத்திலும் திருத்திக் கொடுத்தார்.

பழைய சாவியை இன்று டெலீட் செய்யலாம் என்று இருந்தேன். இப்போது தள்ளி வைத்திருக்கிறேன். முன்னாள் பொருளாளர் ஃபோன் செய்து, மாதம் பிறந்ததும் அவர் மடிக்கணினியிலிருந்து செய்திமடல் ஏற்றுவாரே, அதற்கும் புதுச் சாவி வேண்டுமா என்று கேட்டார். அவரிடம் ஒரு பிரதி இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தச் சாவி கடைசியாக எப்போது பயன்பட்டது என்று அமேசான் காட்டுவது ஒரே ஒரு நேரம்தான், மாதம் ஒருமுறை ஓடுவது அதில் எப்படித் தெரியும்?

---

மேசைமலை · வியாழன் இரவு 10:28

தெரியாது. 1-ஆம் தேதி தாண்டும் வரை முடங்கியே கிடக்கட்டும். அதற்குள் ஐந்தாவது ஆள் யாராவது ஃபோன் செய்வார்.